வாட்ஸ்அப்பில் வந்த தீ விபத்துச் செய்தி அறிக்கைப் பத்தியாக மாறும்போது என்னென்ன மாறுகிறது

நூற்பாலைகளில் சிறு தீ புதிதல்ல. பஞ்சு ஓடும் இடத்தில் இரும்புத் துண்டு ஒன்று உரசினாலே பொறி கிளம்பும். நடந்ததை இரவு ஷிப்ட் சூப்பர்வைசர் முதலில் சொல்வது வாட்ஸ்அப்பில்தான். மறுநாள் காலை, அதே செய்தியை வைத்து அலுவலகத்தில் யாரோ ஒருவர் அறிக்கை எழுதுகிறார். நிர்வாகமும் இன்சூரன்ஸ் சர்வேயரும் படிக்கப்போவது அந்த அறிக்கையை மட்டுமே. மாதிரிக்கு ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். பஞ்சைச் சீவுவது கார்டிங் மெஷின், அதற்கு முன்பே புளோரூமில் பஞ்சோடு வரும் இரும்பைப் பிடிப்பது மேக்னட்.

"சார் நைட் 3வது கார்டிங்ல தீ புடிச்சிருச்சு. நல்லவேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல. முருகண்ணன் பாத்துட்டு உடனே ஆஃப் பண்ணிட்டாரு. சிலிண்டர் ரெண்டு அடிச்சோம், அணைஞ்சிருச்சு. கொஞ்ச நேரத்துல மறுபடி புகைஞ்சுது, பஞ்செல்லாம் அள்ளி வெளிய போட்டோம். இரும்பு எதாச்சும் வந்திருக்கும் போல. போன வாரமும் இப்படித்தான். மேக்னட் கிளீன் பண்ணாம விட்டுட்டாங்க. இப்ப ஓடுது சார்."

இது பெரும்பாலும் இப்படித்தான் அறிக்கையாகிறது:

"மேற்படி தேதியில் இரவு கார்டிங் இயந்திரத்தில் எதிர்பாராத விதமாகத் தீ விபத்து ஏற்பட்டது. உடனடியாக இயந்திரம் நிறுத்தப்பட்டு, தீ முழுமையாக அணைக்கப்பட்டது. உயிர்ச்சேதம் ஏதுமில்லை. காந்தம் முறையாகச் சுத்தம் செய்யப்படாததே விபத்துக்குக் காரணம் எனத் தெரிய வருகிறது. தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு, இயந்திரம் தற்போது இயங்கி வருகிறது."

பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை, பேச்சு வழக்கு இல்லை. ஆனால் சூப்பர்வைசர் அனுப்பிய செய்தியில் இருந்ததைவிட இதில் விவரம் குறைவு. எந்த மெஷின் என்பது போயிற்று. இரண்டு சிலிண்டர் போயிற்று. மறுபடி புகைந்ததும், போன வாரம் நடந்ததும் போயின. அவர் 'போல' என்று இழுத்துச் சொன்ன ஊகம் 'தெரிய வருகிறது' என்று தீர்ப்பாகிவிட்டது. பேச்சைத் துடைக்கிறேன் என்று விஷயத்தையே துடைத்துவிட்டார்கள்.

செய்தி அனுப்பியவருக்கும் வாங்கியவருக்கும் பொதுவாகத் தெரிந்தவை நிறைய இருப்பதால்தான் அது குட்டையாக இருக்கிறது. அறிக்கையைப் படிப்பவருக்கு அவை தெரியாது. ஆகவே முதல் வேலை, தமிழைத் திருத்துவது அல்ல. செய்தியை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லிலும் கேள்வி கேட்பது.

'நைட்' என்றால் எந்தத் தேதி? 11ஆம் தேதி இரவு ஷிப்டில் 2.40 மணிக்குத் தீப்பிடித்தால், காலண்டரில் அது 12ஆம் தேதி. ஷிப்ட் பதிவேட்டில் 11 என்றும் அறிக்கையில் 12 என்றும் வந்தால், இரண்டு சம்பவங்களா என்று சர்வேயர் கேட்பார். இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட வேண்டும். '3வது' என்பது வரிசையில் மூன்றாவதா, மெஷினில் எழுதியிருக்கும் எண் 3-ஆ? இடையில் ஒரு மெஷினைக் கழற்றிய ஆலைகளில் இரண்டும் ஒன்றாக இருக்காது.

'சிலிண்டர்' இன்னும் வில்லங்கம். தீயணைப்பானை எல்லோரும் சிலிண்டர் என்றுதான் சொல்கிறோம். ஆனால் கார்டிங் மெஷினின் முக்கிய உருளைக்கும் அதே பெயர்தான். "சிலிண்டர் ரெண்டு அடிச்சோம்" என்பதை அப்படியே எழுதினால், மெஷின் தெரிந்தவருக்கு உருளை அடிபட்டதாகப் படும். 'தீயணைப்பான்' என்று எழுதி, வகையையும் அளவையும் சேர்க்க வேண்டும். வகை முக்கியம். கார்பன் டை ஆக்சைடு அடித்தால் மேல்தீ அடங்கும், பஞ்சின் உள்ளே கனல் இருக்கும். மறுபடி ஏன் புகைந்தது என்பதற்கு அதிலேயே விடை இருக்கிறது. பவுடர் அடித்திருந்தால், அது கார்டிங் கம்பிகளுக்குள் இறங்கியிருக்கும். சுத்தம் செய்யும் செலவு தனிக் கணக்கு.

'ஆஃப் பண்ணிட்டாரு' என்றால் எதை? கார்டிங்கை மட்டும் நிறுத்திவிட்டு, கழிவுப் பஞ்சை உறிஞ்சும் விசிறியை ஓடவிட்டால், கனல் குழாய் வழியே ஃபில்டர் ரூமுக்குப் போகும். அங்கே பிடித்தால் அது வேறு அளவுத் தீ. ஆகவே விசிறியை யார், எப்போது நிறுத்தினார், ஃபில்டர் ரூமைப் பார்த்தார்களா என்பது அறிக்கையில் இருந்தே ஆக வேண்டும். செய்தியில் அது இல்லை. ஃபோன் போட்டுக் கேட்டால்தான் தெரியும்.

இதே கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகு பத்தி இப்படி அமையும்:

"12.03.2025 அதிகாலை 2.40 மணிக்கு (11.03.2025 இரவு ஷிப்ட்) கார்டிங் மெஷின் எண் 3-இல், பஞ்சு இறங்கும் சூட் பகுதியில் தீப்பிடித்தது. புகையைக் கண்ட கார்டிங் ஆப்பரேட்டர் (டோக்கன் எண் 214) 2.41-க்கு மெஷினை நிறுத்தினார். கழிவு உறிஞ்சும் விசிறியை ஷிப்ட் எலக்ட்ரீஷியன் 2.46-க்கு நிறுத்தினார். 4.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான்கள் இரண்டைப் பயன்படுத்தியபின் 2.52-க்குச் சுடர் அடங்கியது. எலக்ட்ரீஷியன் 2.55-க்கு ஃபில்டர் ரூமைச் சோதித்ததில் அங்கே புகையோ கனலோ இல்லை. 3.10-க்குச் சூட் பகுதியின் உள்ளிருந்து மீண்டும் புகை வந்தது. சூட் பகுதியைத் திறந்து சுமார் 15 கிலோ பஞ்சை வெளியே கொண்டுபோய் நீர் ஊற்றினர், 3.45-க்குப் பிறகு புகை இல்லை. அப்போது பிரிவில் இருந்த 7 பேரில் எவரும் தீக்காயமோ மூச்சுத்திணறலோ இருப்பதாகக் கூறவில்லை. ஃபிட்டர் மெஷினைச் சோதித்தபின், ஷிப்ட் பொறுப்பாளர் அனுமதியுடன் 5.05-க்கு மெஷின் மீண்டும் இயக்கப்பட்டது. எரிந்த பஞ்சில் இரும்புத் துண்டுகள் இரண்டு கிடைத்தன. புளோரூம் மேக்னட் துப்புரவுப் பதிவேட்டில் மார்ச் 9 முதல் 11 வரை கையொப்பம் இல்லை. முந்தைய வாரமும் இதே மெஷினில் புகை வந்ததாக ஷிப்ட் சூப்பர்வைசர் கூறுகிறார். ஷிப்ட் பதிவேட்டில் அதற்கான குறிப்பு இல்லை. இரும்புத் துண்டுகள் உரசியதால் தீப்பிடித்திருக்கலாம் என ஷிப்ட் சூப்பர்வைசர் கருதுகிறார். இது இன்னும் உறுதியாகவில்லை."

நீளம் கூடிவிட்டது, கூடட்டும். சுருக்கம் வேண்டுமென்றால் மேலே இரண்டு வரி தனியாக எழுதிக்கொள்ளலாம்.

வினைச்சொற்களை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பேச்சில் 'புடிச்சிருச்சு', 'அணைஞ்சிருச்சு', 'விட்டுட்டாங்க' என எல்லாவற்றிலும் 'விடு' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது செயல் முடிந்ததைச் சொல்வதோடு, சொல்பவரின் மனநிலையையும் சேர்த்துச் சொல்கிறது: முதலாவதில் பதற்றம், இரண்டாவதில் நிம்மதி, மூன்றாவதில் குறை. அறிக்கையில் இந்த 'விடு' உதிர வேண்டும். 'பிடித்துவிட்டது' என்று இலக்கணமாக எழுதினாலும் பதற்றம் போகாது, 'பிடித்தது' போதும். 'அணைந்துவிட்டது' என்பதை எடுத்துவிட்டு 'அணைந்தது' என்று போட்டாலும் தவறுதான், ஏனென்றால் 3.10-க்கு மறுபடி புகைந்திருக்கிறது. 2.52-க்குக் கண்ணுக்குத் தெரிந்தது சுடர் அடங்கியது மட்டுமே. அதைத்தான் எழுத முடியும்.

பிறகு 'பட்டது'. அலுவலகத் தமிழ் என்றதும் கை தானாக 'நிறுத்தப்பட்டது, அணைக்கப்பட்டது, எடுக்கப்பட்டது' என்று போகிறது. பேச்சில் 'பண்ணிட்டாரு' என்று ஆள் இருந்தார். 'பட்டது' வந்ததும் ஆள் மறைந்தார். மெஷினை ஆப்பரேட்டரும் விசிறியை எலக்ட்ரீஷியனும் நிறுத்தினார்கள், இடையில் ஐந்து நிமிடம் போயிற்று என்பது அப்போது தெரியாமலே போகும். 'பட்டது' அறவே கூடாது என்பதில்லை. மேலே 'மீண்டும் இயக்கப்பட்டது' என்று இருக்கிறது. அனுமதி கொடுத்தவர் அதே வாக்கியத்தில் இருப்பதால் அங்கே கேடில்லை.

பெயர் விஷயத்தில் 'முருகண்ணன்' பதவியும் டோக்கன் எண்ணுமாக மாறுகிறார். 'அண்ணன்' போனாலும் 'நிறுத்தினார்' என்பதில் மரியாதை இருக்கிறது, அது போதும். மறுபுறம், 'விட்டுட்டாங்க' என்பதில் ஆளே இல்லை, பழி மட்டும் இருக்கிறது. அதை 'சுத்தம் செய்யவில்லை' என்று எழுதுவதற்கும் 'கையொப்பம் இல்லை' என்று எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சுத்தம் செய்துவிட்டுக் கையெழுத்துப் போட மறந்திருக்கலாம். பதிவேடு காட்டுவது கையொப்பம் இல்லாததை மட்டுமே.

வரிசையும் மாறியிருக்கிறது. பேச்சில் முதலில் செய்தி, அடுத்து நிம்மதி, பிறகு நடந்தது, ஊகம், குறை, கடைசியில் 'இப்ப ஓடுது'. கேட்பவர் பதறக் கூடாது என்பதற்கான வரிசை அது, அதில் தப்பில்லை. அறிக்கையில் கடிகார வரிசை. கண்டவை எல்லாம் முடிந்த பிறகே கருத்து, அதுவும் யாருடைய கருத்து என்ற அடையாளத்தோடு. 'நல்லவேளை'க்கு இடமில்லை. 'உயிர்ச்சேதம் இல்லை' என்பதும் போதாது. புகையை சுவாசித்தவர்கள் உண்டா என்பதுதான் கேள்வி.

'உடனே', 'கொஞ்ச நேரத்துல' ஆகியவற்றுக்கு நிமிடக் கணக்கு எங்கே கிடைக்கும்? வாட்ஸ்அப்பில் காட்டும் நேரம், செய்தி அனுப்பிய நேரம். சம்பவ நேரம் அல்ல. இதைக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. மெஷின் பேனலில் நின்ற நேரம் பதிவாகியிருக்கும், சிசிடிவி இருக்கும். இரண்டு கடிகாரங்களும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை என்பதால், ஃபோன் நேரத்தோடு ஒப்பிட்டு எத்தனை நிமிட வித்தியாசம் என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். எதிலும் கிடைக்காவிட்டால் 'சுமார்' போடலாம். 'உடனடியாக' போடக் கூடாது. அது நேரமும் அல்ல, தகவலும் அல்ல.

கலைச்சொல் ஆசையில் கார்டிங்கையும் புளோரூமையும் அகராதித் தமிழாக்கினால், ஆலையில் இருப்பவர்களுக்கே எந்த மெஷின் என்று விளங்காது. மெஷினில் எழுதியிருக்கும் பெயரே அறிக்கையிலும் இருக்கட்டும்.

எழுதி முடித்த பத்தியைக் கையெழுத்துக்கு அனுப்பும் முன், செய்தி அனுப்பிய சூப்பர்வைசரிடமே படித்துக் காட்டுங்கள். "நான் அப்படிச் சொல்லலையே சார்" என்று அவர் எந்த வரியில் நிறுத்துகிறாரோ, அது நீங்களாகச் சேர்த்த வரி. அவருடைய அசல் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும் திருத்தாமல் அறிக்கையோடு இணைத்து வையுங்கள். குரூப்பில் செய்திகள் தானாக அழியும்படி வைத்திருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை அன்றைக்கே எடுத்து வைத்துவிட வேண்டும்.