இரண்டாம் நாள் இரவு இரட்டித்த விற்பனை: இ.டி.எல். என்றால் என்ன?

பினாங்கில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர் ஒரு நாள் காலை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "என்னம்மா, பிப்ரவரி விற்பனை இரண்டு மடங்கு என்று கணினி காட்டுகிறதே! அவ்வளவு மாவு மூட்டை என் கிடங்குக்கு வந்ததே இல்லையே" என்றார். அவர் சொன்னது சரி. கடைகளில் நடந்த வியாபாரம் எப்போதும் போலத்தான் இருந்தது. ஒரே ஒருமுறை ஓட வேண்டிய நிரலை, இரவுதோறும் ஓடும்படி அவருடைய அலுவலகத்தில் யாரோ அமைத்துவிட்டார்கள். தரவுகளை ஒன்று சேர்க்கும் தொழிலில் நான் பார்க்கும் குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. அதனால் இந்த ஒரு கணக்கையே முழுதாகச் சொல்கிறேன்.

அவருக்கு மூன்று கடைகள். ஒன்று ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், ஒன்று பட்டர்வொர்த்தில், மற்றொன்று புக்கிட் மெர்தாஜாமில். மூன்று கடைகளின் பில்களும் தனித்தனியே கிடந்தன. அவற்றை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். இந்த வேலைக்குத்தான் எங்கள் துறையில் இ.டி.எல். என்று பெயர். எக்ஸ்ட்ராக்ட், டிரான்ஸ்ஃபார்ம், லோட் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அவை. தமிழில் எடுத்தல், மாற்றுதல், ஏற்றுதல் என்று சொன்னால் போதும். கடைக் கணினியிலிருந்து பில்களை எடுக்கிறோம்; எல்லாம் ஒரே வடிவத்துக்கு வரும்படி மாற்றுகிறோம்; தலைமை அலுவலகத்தின் தரவுத்தளத்தில் ஏற்றுகிறோம்.

எடுப்பதும் ஏற்றுவதும் கேட்டவுடன் புரிந்துவிடும். நடுவில் இருக்கும் மாற்றுதலைத்தான் புதியவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வாடிக்கையாளர் பட்டியலைப் பாருங்கள். ஒரு கடையில் கைப்பேசி எண் 012 என்று தொடங்குகிறது. இன்னொரு கடையில் அதே எண் +6012 என்று இருக்கிறது. மூன்றாவது கடையின் பட்டியல் எக்செல் வழியாக வந்தது. எக்செல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த சுழியத்தை நீக்கிவிட்டதால் 12 என்று தொடங்குகிறது. மூன்று கடையிலும் பொருள் வாங்கும் ஒரே அம்மாள், பட்டியலில் மூன்று பேராக நிற்கிறார். பில் தொகையிலும் இப்படி ஒன்று உண்டு. 2008 ஏப்ரல் முதல் மலேசியாவில் ரொக்கப் பில்லின் மொத்தத்தை 5 சென்னுக்கு முழுமைப்படுத்துகிறோம், 38.52 ரிங்கிட் என்றால் கல்லாவில் வாங்குவது 38.50. ஒரு கடை முழுமைப்படுத்துவதற்கு முந்தைய தொகையையும் மற்றொரு கடை பிந்தைய தொகையையும் பதிந்து வைத்திருந்தால், கூட்டல் ஒருநாளும் கல்லாப் பணத்தோடு பொருந்தாது. எதை எடுப்பது என்று முதலாளியிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். அதை நிரலாளர் தானாக முடிவு செய்யக்கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பில் எண். மூன்று கடையிலும் 1047 என்ற எண்ணில் ஒரு பில் இருக்கிறது. கடையின் குறியீட்டையும் பில் எண்ணையும் சேர்த்தால்தான் ஒரு பில்லுக்கு அது மட்டுமே உரிய அடையாளம் கிடைக்கும். இந்த அடையாளம் இல்லாமல் பின்னால் சொல்லப்போகும் எதுவும் நடக்காது.

இனி அந்த இரட்டிப்புக்கு வருவோம். முதல் இரவு மூன்று மாதப் பில்கள் ஏறின. நாளொன்றுக்கு மூன்று கடையும் சேர்ந்து 480 பில் என்றால், பில்லுக்கு ஒரு வரி வீதம் 90 நாளுக்கு 43,200 வரிகள். அடுத்த இரவு அதே நிரல் மறுபடி ஓடியது. அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: கடையில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துக் கீழே சேர்ப்பது. பழைய 43,200 வரிகளோடு அன்றைய 480 பில்லும் சேர்ந்து 43,680 வரிகள் மேலும் ஏறின. தரவுத்தளத்தில் இப்போது 86,880. நிரல் ஒரு பிழைச் செய்தியும் காட்டவில்லை. தனக்குச் சொன்னதை அது சரியாகவே செய்திருந்தது.

ஒருமுறை நகல் என்பது அந்த நேரத்தில் எடுத்த புகைப்படம் போன்றது. பழைய மென்பொருளை மூடிவிட்டுப் புதியதற்கு மாறும்போது அது போதும். அன்றைக்குப் பிறகு பழைய இடத்தில் எதுவும் மாறப்போவதில்லை. ஆனால் நகல் எடுத்த பிறகும் மூலத்தில் புதிய பில் விழும், பழைய பில் திருத்தப்படும், சில பில்கள் ரத்தாகும், அவையெல்லாம் மறுமுனைக்கும் தெரிய வேண்டும் என்றால், நமக்குத் தேவை தொடர் ஒத்திசைவு. பேச்சில் சிங்க் என்கிறோமே, அதுதான். அது ஓடும் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயங்களை அறிந்திருக்க வேண்டும்: இந்த வரி ஏற்கெனவே வந்ததா, போன முறை எதுவரை எடுத்தோம், மூலத்திலிருந்து காணாமல் போனது எது. ஒருமுறை நகலுக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. அதனால்தான் நகல் நிரலை இரவுதோறும் ஓடவிட்டால் அது ஒத்திசைவாக ஆகிவிடுவதில்லை.

முதல் விஷயத்துக்கு விடை எளிது. கடைக் குறியீடும் பில் எண்ணும் சேர்ந்த அடையாளம் ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்று தரவுத்தளத்துக்கே கட்டுப்பாடு விதிக்கிறோம். பிறகு, இல்லாவிட்டால் சேர், இருந்தால் திருத்து என்று எழுதுகிறோம். எங்கள் பேச்சில் இதற்கு அப்செர்ட் என்று பெயர். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் அது இப்படி இருக்கும்:

```sql
INSERT INTO bills (shop, bill_no, total, updated_at)
VALUES ('BW', 1047, 38.50, '2024-03-04 09:20')
ON CONFLICT (shop, bill_no)
DO UPDATE SET total = EXCLUDED.total,
              updated_at = EXCLUDED.updated_at;
```

இதைப் பத்து முறை ஓட்டினாலும் பட்டர்வொர்த் கடையின் 1047ஆம் பில் ஒரே வரியாகத்தான் இருக்கும். எந்த ஒத்திசைவை யார் எழுதிக் கொடுத்தாலும், அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டி வரிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். கடை மூடிய பிறகு ஓட்டும்போது அந்த எண்ணிக்கை கூடினால் அதை வாங்காதீர்கள்.

இரண்டாவது விஷயத்தில் நான் தவறு செய்தேன். எல்லாப் பில்களையும் இரவுதோறும் எடுப்பது வீண் வேலை என்பதால், போன முறை ஓடிய நேரத்தைக் குறித்து வைத்து, அதற்குப் பிறகு மாறியவற்றை மட்டும் எடுத்தேன். அந்தக் குறிப்புக்கு வாட்டர்மார்க் என்று பெயர்; வெள்ளம் வடிந்த பின் சுவரில் நிற்கும் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு 11 மணிக்கு நிரல் ஓடும். ஜார்ஜ்டவுன் கணக்கும் புக்கிட் மெர்தாஜாம் கணக்கும் சென் பிசகாமல் வந்தன. பட்டர்வொர்த் மட்டும் நாள்தோறும் சில நூறு ரிங்கிட் குறைந்தது.

பில் எண்களை வரிசையாக அச்சிட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமை 8412இல் முடிந்தது. செவ்வாய்க்கிழமை 8430இல் தொடங்கியது. இடையில் 17 பில்கள் இல்லை. புதன்கிழமையும் இப்படியே. விட்டுப்போனவை எல்லாம் அன்றன்றைய முதல் பில்கள் என்று தெரிந்ததும், கடை எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள் என்று கேட்டேன். மற்ற இரண்டு கடைகளும் 9 மணிக்கு. பட்டர்வொர்த் மட்டும் காலை 6 மணிக்கு.

கடையின் மென்பொருள் நேரத்தை உலகப் பொது நேரத்தில், அதாவது யு.டி.சி.யில் பதிந்து வந்தது. நான் குறித்தது மலேசிய நேரம். நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை 6 மணிக்குப் போட்ட பில்லில் முந்தைய நாள் இரவு 22:00 என்று பதிவாகும். என் குறிப்பிலோ முந்தைய நாள் 23:00 என்று இருந்தது. 22:00 அதற்கு முந்தியது அல்லவா? ஏற்கெனவே எடுத்ததாக நினைத்து நிரல் தாண்டிப் போனது. மலேசிய நேரம் காலை 7 மணிவரை விழுந்த எல்லாப் பில்லும் இப்படியே போயின. 9 மணிக்குத் திறந்த கடைகளில் அந்நேரத்தில் பில் எதுவும் விழாததால், அங்கே இந்தப் பிழை வெளியே தெரியவே இல்லை.

திருத்தம் சிறியதுதான். என் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கடையிலிருந்து கடைசியாக வந்த வரியின் `updated_at` நேரத்தையே, அதாவது அந்த வரி கடைசியாக மாறியதாகக் கடையில் பதிவான நேரத்தையே, கோடாக வைத்துக்கொண்டேன். அதோடு, ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டுக்கு ஒரு மணி நேரம் பின்னாலிருந்து எடுக்கிறேன். இணையம் மெதுவாக இருந்து தாமதமாகப் பதிவாகும் பில்கள் அப்போதுதான் அகப்படும். சில வரிகள் இரண்டு முறை வரும். அப்செர்ட் இருப்பதால் அவை இரட்டிக்காது.

மூன்றாவது, காணாமல் போனவை. கல்லாவில் பில்லை ரத்துசெய்தால் அந்தக் கடையின் மென்பொருள் அந்த வரியையே அழித்துவிடும். அழிந்த வரிக்கு `updated_at` ஏது? மாறியவற்றை மட்டும் கேட்கும் நிரலுக்கு அது கண்ணில் படவே படாது. தலைமை அலுவலகத்தில் அந்தப் பில் விற்பனையாகவே நிற்கும். வரியை அழிக்காமல் ரத்து என்று குறித்து வைக்கும்படி மென்பொருளை மாற்ற முடிந்தால் அதுவே நல்ல வழி. நான் எப்போதும் முதலில் அதைத்தான் கேட்பேன். இங்கே அது கிடைக்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை இரவு மட்டும், கடந்த 30 நாளின் பில் எண்களை, எண்களை மட்டும், மூன்று கடையிலிருந்தும் முழுதாக வாங்கி ஒப்பிடுகிறோம். எங்களிடம் இருந்து கடையில் இல்லாத எண்ணை ரத்து என்று குறிக்கிறோம். தொகை, பொருள் விவரம் எதுவும் வராததால் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. 30 நாளுக்கு முந்தைய பில்லை யாராவது அழித்தால் இது பிடிக்காது. முதலாளியிடம் அதைச் சொல்லியே ஒப்புதல் வாங்கினேன்.

இப்போது ஒவ்வோர் இரவும் முதலாளியின் கைப்பேசிக்குக் கடைக்கு ஒன்றாக மூன்று வரிகள் போகின்றன. ஒவ்வொரு வரியிலும் கடை, பில்களின் எண்ணிக்கை, மொத்தத் தொகை. ஒத்திசைவு ஓடாமல் நின்றுவிட்டால் செய்தியே வராது, காலையில் அழைத்துவிடுவார். கடைகளில் கல்லாவை மூடும்போது அச்சாகும் சீட்டோடு அந்த மூன்று வரிகளை அவரே ஒப்பிடுகிறார். பட்டர்வொர்த் சீட்டைத்தான் முதலில் எடுக்கிறார்.