பேன் மருந்தை மறுமுறை எந்த நாளில் தேய்க்க வேண்டும்?

பேன் மருந்து தேய்த்த மறுவாரமே தலை மீண்டும் அரித்தால், பள்ளியில் யாரிடமிருந்தோ மறுபடி தொற்றிவிட்டது என்று நினைப்பது வழக்கம். பல வீடுகளில் உண்மையான காரணம், முதல் நாள் மருந்துக்குத் தப்பிய ஈர்தான்.

பேன் ஷாம்புகளிலும் லோஷன்களிலும் பரவலாகச் சேர்க்கப்படும் பெர்மெத்ரின், பேனின் நரம்பைத் தாக்கிக் கொல்கிறது. புதிதாக இட்ட ஈருக்குள் முதல் சில நாட்கள் நரம்பு மண்டலமே உருவாகியிருக்காது என்பதால், அந்த மருந்து அதை ஒன்றும் செய்வதில்லை. ஈர் பொரிக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களும், பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட மேலும் 9 முதல் 12 நாட்களும் ஆகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்து தேய்த்ததாகக் கொள்வோம். முந்தைய நாள் இட்ட ஈர் பெரும்பாலும் அடுத்த வாரத் திங்கட்கிழமைக்குள் பொரித்துவிடும். பழைய ஈரிலிருந்து முதலில் வெளிவந்த குஞ்சோ அதுவரை முட்டையிடும் பருவத்தை எட்டியிருக்காது. ஆகவே, 9 நாட்கள் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை மறுமுறை தேய்ப்பதே பொருத்தம். மூன்றாம் நாளே தேய்த்தால் பொரிக்காத ஈர்கள் தப்பும். இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் புதுப் பேன்கள் முட்டையிடத் தொடங்கிவிடும்.

பேன் சீப்பும் இதே கணக்கில்தான் வெல்கிறது. ஈரத் தலையில் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசினால் பேன்களால் வேகமாக ஓட முடியாது. பற்கள் மிக நெருக்கமாக உள்ள சீப்பைத் தோலில் படும்படி வைத்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு முறையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். 1, 5, 9, 13 ஆம் நாட்களில் இப்படி வாரினால், குஞ்சுகள் பெரிதாகும் முன்பே சிக்கிவிடும். ஆனால் ஒரு நாள் தவறினாலும் பலன் குறையும். அடர்ந்த நீண்ட கூந்தலில் பொறுமை அதிகம் தேவை.

2000 இல் வேல்ஸில் நடந்த ஆய்வில் மாலத்தியான் என்ற பேன் மருந்து 78 விழுக்காட்டினருக்கும், சீப்பு 38 விழுக்காட்டினருக்கும் பலித்தது. பிரிட்டனில் 2005 இல் வெளியான மற்றோர் ஆய்விலோ, கடை மருந்துகள் 13 விழுக்காட்டினருக்கே பலிக்க, சீப்பு முறை 57 விழுக்காட்டினரைக் குணப்படுத்தியது. முடிவு இப்படித் தலைகீழாவதில் பேன்களின் எதிர்ப்புத்திறனுக்குப் பெரும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

பெர்மெத்ரின் பேனின் நரம்பில் சோடியம் நுழையும் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அவ்வாயிலை உருவாக்கும் மரபணுவில் சிறு மாற்றம் கொண்ட பேன்களில் மருந்து சரியாகப் பற்றுவதில்லை. மருந்தில் மற்றவை மடிய, இவை மட்டும் பெருகுகின்றன.

இதைக் கண்டறிய, மருந்து தேய்த்த 8 முதல் 12 மணி நேரத்துக்குப் பின் வாரிப் பாருங்கள். பேன்கள் செத்தோ மெல்ல நகர்ந்தோ இருந்தால் மருந்து வேலை செய்கிறது. பெரிய பேன்கள் முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால், அதே மருந்தை மேலும் மேலும் தேய்ப்பது வீண். அப்போது சீப்பு முறைக்கு மாறலாம். அல்லது பேனைப் போர்த்தி, அதன் உடலிலிருந்து நீர் வெளியேறும் வழியை அடைக்கும் டைமெத்திகோன் லோஷனைப் பயன்படுத்தலாம். இது நரம்பைத் தொடாமல் கொல்வதால், அந்த மரபணு மாற்றம் பேனைக் காப்பாற்றாது.