கால் மணி நேர மழைக்குக் கடைவீதி ஏன் மூழ்குகிறது?

மழை விட்ட மறுநாள் கடைக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "நேத்து 25 மில்லிமீற்றர்தானே பேஞ்சிருக்கு, அதுக்கா இவ்வளவு தண்ணி?" வானிலைத் திணைக்களம் சொல்வது காலை 8.30 வரையான 24 மணி நேரக் கூட்டுத்தொகை. அந்த மழை எத்தனை நிமிடத்தில் கொட்டியது என்பது அதில் தெரியாது. கான் நிரம்புவதோ அந்த நிமிடக் கணக்கில்தான்.

வடிகால் வேலையில் நாங்கள் போடும் கணக்கையே பாருங்கள். கடைவீதிக்கு மேலே கூரையும் கொங்கிரீட்டுமாக ஆறு ஹெக்டயர் சரிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 25 மில்லிமீற்றர் மழையில் ஐந்தில் நாலு பங்கு மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவந்தால் 12 இலட்சம் லீட்டர். ஐந்து மணி நேரத் தூறலாக வந்தால் செக்கனுக்கு 70 லீட்டர்கூட இல்லை. சித்திரை, ஐப்பசி மாதங்களில் பின்னேரம் இடியோடு கால் மணி நேரத்தில் கொட்டினால் செக்கனுக்கு 1,300 லீட்டருக்கு மேல். மலைச்சரிவு என்பதால் மேலே விழுந்தது சில நிமிடங்களில் கீழே வந்துவிடும்.

இரண்டரை அடி அகலமும் ஆழமும் கொண்ட கொங்கிரீட் கான், நூறடிக்கு ஓரடி சரிவு. சுத்தமாக இருந்தால் செக்கனுக்குச் சுமார் 1,500 லீட்டர் கொண்டுபோகும். சரி, போதும். பாதி உயரத்துக்கு மண் நின்றால்? பாதித் தண்ணீராவது போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் 400 லீட்டர்கூடப் போகாது. இடம் பாதியாவதோடு, கரடுமுரடான மண்ணும் கல்லும் உரசி ஓட்டத்தின் வேகத்தையும் பாதியாக்கிவிடும். மிச்சம் 900 லீட்டரும் ஒவ்வொரு செக்கனும் ரோட்டில்தான்.

மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்பதில்லை. செங்குத்தாக இறங்கும் கான் கடைவீதியின் சமதரையைத் தொடும் வளைவில் வேகம் குறையும். மேலே வீடு கட்ட வெட்டிய செம்மண் அங்கேதான் படியும். அடுத்தது மதகின் வாய். போத்தல்கள் மிதந்துகொண்டு நிற்பதால் கண்ணில் படும். ஆனால் மோசமானது லஞ்ச் ஷீட். கம்பி வலையில் நாலைந்து ஒட்டிக்கொண்டால் அது கதவு மூடியது போலத்தான், பின்னால் எவ்வளவு பெரிய குழாய் இருந்தும் பிரயோசனமில்லை.

மூடிய கானில் எங்கே அடைப்பு என்று அறிய, மழை நேரத்தில் சிலாப்புகளைப் பாருங்கள். ஒரு சிலாப்பின் இடுக்கால் தண்ணீர் பொங்கி, அதற்குக் கீழே கான் பாதிகூட நிரம்பாமல் ஓடினால் அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். கீழேயும் நிரம்பி வழிந்தால் கோளாறு இன்னும் தள்ளி, பெரும்பாலும் கான் போய்ச் சேரும் ஓடையில். கண்டி ரயில் நிலையப் பக்கம் மெத எல நிரம்பும்போது தெருக் கானை மட்டும் கழுவிப் பயனில்லாமல் போவது இதனால்தான்.

அப்புறம், அள்ளிய மண்ணைக் கான் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகும் வழக்கம். முதல் மழைக்கே அது திரும்ப உள்ளே. அன்றே லொறியில் ஏற்றாவிட்டால் அள்ளிய கூலி வீண். பங்குனி பிறக்கும் முன்னும் புரட்டாசியிலும் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். அப்படிச் செய்தாலும், மணிக்கு 120 மில்லிமீற்றர் வேகத்தில் கொட்டினால் இதே கான் சுத்தமாக இருந்தும் கொஞ்சம் வழியத்தான் செய்யும்.