பூனை கீறினால் அக்குளில் ஏன் நெறி கட்டுகிறது?

பூனைக்குட்டி கையில் பிராண்டி ரெண்டு மூணு வாரம் ஆகியிருக்கும். காயம் ஆறி, எங்கே கீறியது என்பதே மறந்துபோயிருக்கும். அப்போது பார்த்து அக்குளில் வலியோடு ஒரு கட்டி வரும். பூனைக் கீறல் நோய் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே தெரியும், அதனால்தான் பலருக்குப் பூனை ஞாபகத்துக்கே வருவதில்லை. டாக்டரும் கேட்காவிட்டால் விஷயம் காசநோய், புற்றுநோய் என்று வேறு பக்கம் ஓட ஆரம்பித்துவிடும்.

நோயைத் தருவது பார்ட்டொனெல்லா ஹென்செலே என்ற பாக்டீரியா. பூனைதான் இதன் சொந்த வீடு. பூனையின் ரத்தச் சிவப்பணுக்களுக்குள்ளேயே இது குடியிருக்கும், அதுவும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். ஆனாலும் பூனை வழக்கம்போல் சாப்பிடும், தூங்கும், விளையாடும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிகளின் ரத்தத்தில்தான் இந்தக் கிருமி அதிகம் இருக்கும், பிராண்டுவதிலும் அவைதான் கெட்டிக்காரர்கள்.

சரி, ரத்தத்துக்குள் இருக்கும் கிருமி நகத்துக்கு எப்படி வந்தது? இந்த நோயில் முக்கியமான கேள்வி இதுதான். நடுவில் இருக்கும் ஆள் தெள்ளுப்பூச்சி. அது பூனையின் ரத்தத்தைக் குடிக்கும்போது கிருமியும் சேர்ந்து உள்ளே போகிறது, அதன் குடலில் பெருகுகிறது, பிறகு எச்சத்தோடு வெளியேறிப் பூனையின் ரோமத்துக்குள் உதிர்கிறது. அந்த எச்சத்தில் கிருமி நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். தெள்ளு கடித்த அரிப்பில் பூனை தன்னையே சொறிந்துகொள்ளும்போது எச்சம் நகத்தின் இடுக்கில் ஏறுகிறது. அதே நகம் உங்கள் தோலைக் கிழித்தால், கிருமி நேராகத் தோலுக்கு அடியில் போய் இறங்குகிறது.

1996-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் புரூனோ ஷோமெல் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கிருமி உள்ள பூனைகளிடமிருந்து தெள்ளுப்பூச்சிகளை எடுத்து, கிருமியே இல்லாத குட்டிகள் மேல் விட்டார்கள், குட்டிகளுக்குத் தொற்று வந்துவிட்டது. தெள்ளை ஒழித்துவிட்டு, தொற்றுள்ள குட்டிகளோடு ஆரோக்கியமான குட்டிகளை ஒன்றாக வைத்தபோது பரவவில்லை. ஆக, தெள்ளு இல்லாத வீட்டுப் பூனை பிராண்டினால் இந்த நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

கீறல் இல்லாமலும் வரலாம். பூனையைத் தடவிய கையால் கண்ணைக் கசக்கினால், கையில் ஒட்டிய எச்சம் கண்ணுக்குள் போகும். அப்போது ஒரு கண் சிவந்து, அதே பக்கம் காதுக்கு முன்னால் நெறி கட்டும். கடி, திறந்த புண்ணைப் பூனை நக்குவது ஆகியவையும் வழிகள்தான். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றாது.

உடம்புக்குள் என்ன நடக்கும் என்பதை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். பத்து வயதுச் சிறுமி, வலது புறங்கையில் குட்டி பிராண்டிவிட்டது. மூன்று முதல் பத்து நாளுக்குள் கீறல் தடத்தில் ஒன்றிரண்டு சிவந்த கொப்புளங்கள் வரும். வலியும் இருக்காது, அரிப்பும் இருக்காது, கொசுக்கடி என்று விட்டுவிடுவார்கள். இதற்குள் கிருமி நிணநீர்ப் பாதை வழியாக மேலே ஏறி, கையின் நிணநீர் போய்ச் சேரும் கணுக்களை அடைந்திருக்கும். எதிர்ப்பு அணுக்கள் அங்கே கூட்டமாகக் குவிந்து சண்டை போடும், அதனால்தான் கணு வீங்குகிறது. ஒன்று முதல் மூன்று வாரத்தில் வலது அக்குளிலோ முழங்கையின் உள்பக்கத்திலோ தொட்டால் வலிக்கும் கட்டி தெரியும். லேசான காய்ச்சல், அசதி, தலைவலி, பசியின்மையும் கூடவே இருக்கலாம். காலில் கீறியிருந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், முகத்தில் என்றால் கழுத்தில். எந்தப் பக்கம் கட்டி இருக்கிறதோ அந்தப் பக்கம் கீறல் தடம் இருக்கிறதா என்று தேடினால் பாதி துப்பு கிடைத்துவிடும். மீதியை ரத்தத்தில் எதிர்ப்புரதப் பரிசோதனையோ, கணுவிலிருந்து ஊசியில் எடுத்த நீரில் பிசிஆர் பரிசோதனையோ சொல்லும்.

எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும், ஆனால் பொறுமை வேண்டும், வீக்கம் முழுதாக வற்ற ரெண்டு முதல் நாலு மாதம் ஆகலாம். அசித்ரோமைசின் ஐந்து நாள் கொடுப்பார்கள். 1998-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், இந்த மருந்து முதல் மாதத்தில் வீக்கத்தை வேகமாகக் குறைத்தது, அதற்குப் பிறகு மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிலருக்குக் கணு சீழ் பிடிக்கும். அதைக் கத்தியால் கீறித் திறந்தால் ஆறாத துளையாகி ஒழுகிக்கொண்டே இருக்கக்கூடும் என்பதால், ஊசியால் உறிஞ்சி எடுப்பதுதான் வழக்கம்.

பயப்பட வேண்டியவர்கள் வேறு. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எச்ஐவி முற்றியவர்கள், இதய வால்வில் பழுது உள்ளவர்கள். இவர்களுக்குக் கிருமி ரத்தக்குழாய், கல்லீரல், இதய வால்வு என்று பரவலாம். யாருக்கானாலும் திடீரென்று பார்வை மங்கினாலோ, வலிப்பு, குழப்பம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், பூனை கீறியதையும் சொல்ல வேண்டும்.

தடுப்பு என்று வந்தால் நகத்தைவிடத் தெள்ளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நெருங்கிய பல்லுள்ள சீப்பால் பூனையின் வால் அடிப்பகுதியையும் கழுத்தையும் வாருங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக உதிர்வதை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்கள். சுற்றிலும் செம்பழுப்பு நிறம் பரவினால் அது அழுக்கு இல்லை, செரித்த ரத்தம், அதாவது தெள்ளின் எச்சம். கால்நடை மருத்துவரிடம் பூனைக்கான தெள்ளு மருந்து வாங்கி, சொன்ன இடைவெளியில் வருடம் முழுக்கப் போடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாப் பூனை, நாய்க்கும் சேர்த்துத்தான், ஒன்றை விட்டால் மறுபடியும் ஏறிவிடும். நாய்க்கான மருந்தை மட்டும் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனையைக் கொன்றுவிடும். முட்டையும் புழுவும் விரிப்பிலும் படுக்கையிலும் இருக்கும் என்பதால் அங்கே வாக்குவம் போடுவதும், பூனையின் துணியைச் சுடுநீரில் துவைப்பதும் தேவை.

அப்புறம், வெறும் கையையே பொம்மையாகக் காட்டிக் குட்டியோடு விளையாடும் பழக்கம். அதை நிறுத்தி, குச்சியில் கட்டிய கயிறு எதையாவது ஆட்டுங்கள். நக நுனியை அவ்வப்போது வெட்டலாம், நகத்தையே பிடுங்கும் அறுவை சிகிச்சை கொடுமை, தேவையும் இல்லை. எதிர்ப்பு சக்தி குறைந்தவர் வீட்டில் இருந்தால் ஒரு வயது தாண்டிய, தெள்ளு இல்லாத பூனையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கீறிவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறிநோய் உள்ள பகுதியில் என்றால் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், ஏனென்றால் அங்கே பார்ட்டொனெல்லா ரெண்டாவது கவலைதான்.