மழை வருதுங்க: கொரிய வினைச்சொல்லின் வாலில் நிற்கும் ஆள்

கொரிய நாடகம் பார்க்கும் வாசகி ஒருவர் ஒரு காட்சியை விவரித்துக் கேட்டிருக்கிறார். ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இருவர், இரவு, பேருந்து நிறுத்தம், தூறல். நாயகன் வானத்தைப் பார்த்து ஒரு வரி சொல்கிறான். நாயகி சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள், பின்னணியில் பியானோ தொடங்குகிறது. சப்டைட்டிலில் இருந்ததோ "மழை வருது" மட்டும். "மழை வருதுன்னு சொன்னதுக்கு அவள் ஏன் அப்படித் திகைக்கிறாள்? நான் எதை விட்டுட்டேன்?" என்பது அவர் கேள்வி.

அவர் எதையும் விடவில்லை, மொழிபெயர்ப்புதான் விட்டுவிட்டது. அதுவரை எட்டு அத்தியாயங்களாக அவன் அவளிடம் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் "யோ" என்று முடிந்திருக்கும். மழை வருவதைச் சொல்ல வேண்டுமென்றால் "பிகா வாயோ" என்றிருப்பான். அன்று "பிகா வா" என்றான். ஓர் அசை உதிர்ந்தது. கொரியக் காதுக்கு அது, தமிழில் ஒருவர் திடீரென்று "நீங்க"வை விட்டு "நீ"க்கு வந்தது போல.

ஆனால் அந்த வாக்கியத்தில் "நீ" எங்கே இருக்கிறது? "பி" என்றால் மழை. "கா" எழுவாயைக் காட்டும் ஒட்டு. மீதி, வருகிறது. மழையைப் பற்றிய வாக்கியத்துக்குள் அவள் எப்படி வந்தாள்? இந்த இடம்தான் எனக்குக் கொரிய இலக்கணத்திலேயே மிகவும் பிடித்தது.

தமிழ் வினையின் வால் எழுவாயைப் பார்க்கும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது: யார் வந்தார்கள் என்பதை விகுதியே சொல்லிவிடும். கொரிய வினைக்கு இந்தப் பழக்கம் கிடையாது. நான் வந்தாலும் அவள் வந்தாலும் மழை வந்தாலும் ஒரே வடிவம்தான். அந்தக் கடைசி இடத்தில் கொரிய மொழி வேறொருவரை நிறுத்தியிருக்கிறது: கேட்டுக்கொண்டிருப்பவரை. ஆகவே எதைப் பற்றிப் பேசினாலும், வாக்கியத்தை முடிக்கும்போது எதிரில் நிற்பவர் யார் என்று முடிவு செய்தே ஆக வேண்டும். நண்பனிடம் "பிகா வா". பக்கத்து வீட்டுக்காரரிடம், உடன் வேலை செய்பவரிடம் "பிகா வாயோ". செய்தி வாசிக்கும்போதும், படையில் மேலதிகாரியிடமும் "பிகா ஒம்னிதா". நாட்குறிப்பிலும் செய்தித்தாளிலும் "பிகா ஒன்தா". கடைசி வடிவம் எதிரில் ஆளே இல்லாதபோது எழுதுவது. சின்னப் பிள்ளையிடம் பேசவும் அதுவே பயன்படும்.

பள்ளி இலக்கணம் இப்படி ஆறு படிநிலைகளைச் சொல்கிறது. அவற்றில் இரண்டு இன்று அநேகமாக அரச காலத்து நாடகங்களிலும் வயதானவர்கள் பேச்சிலும்தான் கேட்கும். நாடகம் பார்ப்பவர்களுக்குக் காதில் பிடிக்க வேண்டியவை மூன்று. வாக்கியம் "நிதா" என்று முடிந்தால் முறையான மரியாதை. "யோ" என்று முடிந்தால் அன்றாட மரியாதை. இரண்டும் இல்லாமல் வெறுமனே நின்றுவிட்டால் "பன்மல்". "பன்" என்றால் பாதி, "மல்" என்றால் பேச்சு. பாதிப் பேச்சு!

கேட்பவரைக் காட்டும் விகுதி தமிழில் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் போலிருக்கும். கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ ஒரு தேநீர்க் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் அந்த எண்ணம் போய்விடும். "மழை வருதுங்க." இதில் "து" மழைக்கு உரியது. "ங்க" யாருக்கு? மழைக்கு யாரும் மரியாதை கொடுக்கவில்லை. அது கேட்பவருக்கு. கொரிய "யோ" செய்யும் வேலையும் இதுவே. "மழை வருதுடா" என்றால் அதே இடத்தில் வேறோர் ஆள் வந்து நிற்கிறான்.

ஒற்றுமை இன்னும் ஆழமாகப் போகிறது. "யோ" வினையோடு மட்டும் ஒட்டுவதில்லை. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டால் கொரியர் "கோபியோ" என்பார், நம் ஊர்க்காரர் "காபிங்க" என்பார். கூட்டத்தில் யாரோ தன்னைக் கைகாட்டினால் அங்கே "ஜோயோ?", இங்கே "நானுங்களா?". இரண்டுமே வாக்கியத்தில் எங்கு நிறுத்தினாலும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

கொரிய மொழியில் எழுவாய்க்கும் மரியாதை உண்டு, ஆனால் அதற்குத் தனி இடம். வினையின் நடுவில் "ஷி" என்ற ஒட்டு வரும். ஆகவே யாரைப் பற்றிப் பேசுகிறோம், யாரிடம் பேசுகிறோம் என்பவை இரண்டு தனித்தனி விசைகள். பாட்டி வந்ததை நண்பனிடம் சொன்னால் "ஹல்மோனிகா ஓஷொஸ்ஸோ": நடுவில் பாட்டிக்கு மரியாதை உண்டு, கடைசியில் நண்பனுக்கு இல்லை. நம் பேச்சில் "பாட்டி வந்துட்டாங்கடா". தம்பி வந்ததை ஆசிரியரிடம் சொன்னால் "தொங்செங்-இ வஸ்ஸோயோ": தம்பிக்கு ஒன்றுமில்லை, ஆசிரியருக்கு "யோ". நம் பேச்சில் "தம்பி வந்துட்டானுங்க".

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர் வழுக்குவார். "வந்துட்டானுங்க" என்பதைப் பல ஊர்களில் "அவனுங்க வந்துட்டானுங்க" என்ற பன்மையாகத்தான் கேட்பார்கள், அதுவும் மரியாதைக் குறைவான பன்மையாக. ஆசிரியருக்குக் காட்டிய பணிவு, தம்பியைப் பல பயல்களாக்கிவிடும். அதனால் அந்த இடத்தில் "தம்பி வந்துட்டான் சார்" என்று எழுதுவதே பாதுகாப்பு. மரியாதை விகுதியிலிருந்து விளிக்கு இடம் மாறுகிறது, யாரும் எதையும் இழக்கவில்லை.

ஒரே "ங்க" பன்மையாகவும் பணிவாகவும் கேட்பதற்குக் காரணம் அதன் பிறப்பு. "வாருங்கள்" என்பதில் உள்ள "கள்" பன்மை விகுதி. ஒருவரையே பலராகச் சொல்வதை நாம் உயர்வாக வைத்துக்கொண்டோம். "அவர்" என்பதும் ஒரு காலத்தில் பலரைக் குறித்த சொல்தான். ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் வரும் உயர்சொல், இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியமே குறித்து வைத்திருக்கிறது. எழுவாயைப் பெருக்கிக் காட்டிய விகுதி, மெல்ல நகர்ந்து, எழுவாயோடு தொடர்பே இல்லாத "வருதுங்க"வில் கேட்பவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கொரிய மொழியிலும் இதே நகர்வு நடந்திருக்கிறது. சேஜோங் மன்னர் 1443இல் ஹங்குல் எழுத்தை உருவாக்கி 1446இல் வெளியிட்டார். அந்த எழுத்தில் எழுதிய முதல் நூல்களில் பௌத்த நூல்களும் உண்டு. அவற்றில் "சப்" போல ஒலித்த ஓர் ஒட்டு அடிக்கடி வரும். புத்தரைக் கண்டான், புத்தருக்குக் கொடுத்தான் என்னும்போது, செயலுக்கு இலக்கான பெரியவர் முன் செய்பவரைப் பணிய வைக்கும் ஒட்டு அது. எழுவாய்க்கும் அன்று, கேட்பவருக்கும் அன்று, செயப்படுபொருளுக்கான மரியாதை! காலப்போக்கில் அது தேய்ந்து, இடம் மாறி, கேட்பவருக்கான பணிவாகிவிட்டது. இன்று "பிகா ஒம்னிதா" என்று வானிலைச் செய்தி வாசிப்பவர் சொல்லும்போது அந்த "ம்" இருக்கிறதே, எழுத்தில் அது "ப்". அந்த "ப்" பழைய "சப்"பின் மிச்சம். புத்தரை வணங்கிய ஒட்டு இன்று மழைச் செய்தியில் நேயரை வணங்குகிறது.

நகர்வு நிற்கவுமில்லை. கொரியக் காப்பிக் கடைகளில் பணியாளர்கள் "கோபி நாஓஷொஸ்ஸும்னிதா" என்கிறார்கள். அதில் எழுவாய்க்கு உரிய "ஷி" இருக்கிறது. அப்படியே தமிழாக்கினால் "காபி வந்துட்டாங்க". இது பிழை என்று இலக்கணம் அறிந்தவர்கள் அங்கே கண்டித்துக்கொண்டே இருக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் பணிவு குறைந்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் பணியாளர்கள் "ஷி"யைக் கேட்பவர் பக்கம் இழுக்கிறார்கள். விதிப்படி அது பிழைதான். ஆனால் "சப்" போன பாதையில் "ஷி"யும் அடியெடுத்து வைப்பதை நம் கண்முன்னே பார்க்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்பா, அம்மா என்ற சொற்கள் கொரிய மொழியிலும் கிட்டத்தட்ட அப்படியே இருப்பதைக் காட்டி, கொரியம் தமிழிலிருந்து பிறந்தது என்று பரப்புகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உதடுகளை மூடித் திறந்து குழந்தை எழுப்பும் முதல் ஒலிகளிலிருந்து பெற்றோருக்கான சொற்கள் உலகெங்கும் பல மொழிகளில் தனித்தனியே உருவாகியிருக்கின்றன. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். அந்த உறவை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. வினை கடைசியில் வருவதும் ஒட்டுகள் அடுக்கடுக்காகச் சேர்வதும் உறவே இல்லாத மொழிகளிலும் உண்டு. இந்தப் பிறப்புக் கதையைப் பரப்பும் மேடைகளுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கை நேரடிக் கொரிய-தமிழ் அகராதிக்கும் மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்கும் கொடுத்தால் இரண்டு மொழிக்கும் நல்லது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே "யூ"தான். அதன் வழியாகச் சுற்றி வரும் வரியில் "யோ" வழியிலேயே கரைந்துவிடுகிறது, அதைத் தமிழில் திரும்ப எடுக்க வழியில்லை.

சரி, அந்தப் பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்புவோம். முதலில் தோன்றுவது, முந்தைய அத்தியாயங்களில் "மழை வருதுங்க", அன்றிரவு "மழை வருது". இலக்கணப்படி அச்சாகப் பொருந்தும். ஆனால் சப்டைட்டிலில் ஒவ்வொரு வரியிலும் "ங்க" வந்தால் சோல் நகரத்து அலுவலகம் பொள்ளாச்சிக்குக் குடிபெயர்ந்துவிடும். நாயகி அவனிடம் "ஏங்க, மழை வருதுங்க" என்றால் இன்னும் சிக்கல்: தமிழ்க் காது அவர்களுக்கு அப்போதே கல்யாணம் முடித்துவைத்துவிடும். அவள் பேசும் "யோ"வில் அந்த நெருக்கம் துளியும் கிடையாது. மறுபக்கம், அவன் "யோ"வை விட்டதைக் காட்ட "மழை வருதுடி" என்று எழுதினால் அவன் எடுத்து வைக்காத இரண்டு அடிகளையும் சேர்த்து எடுத்து வைத்தது போலாகும். பாதிப் பேச்சு என்பது வெறும் "நீ"தான். தமிழ் டப்பிங்குகள் இந்த இடத்தில் "டா"வையும் "டி"யையும் வாரி இறைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

கொரியர்கள் இந்தத் தாவலுக்கு வைத்திருக்கும் பெயர் "மல் நோத்தா", பேச்சைக் கீழே வைத்தல். வழக்கமாக வயதைக் கேட்டு, அனுமதி பெற்று, பிறகுதான் வைப்பார்கள். "மல் நோஉசேயோ" என்று இளையவர் மூத்தவரிடம் சொல்வதைத் தமிழில் "என்னை வா போன்னே பேசுங்க" என்று எழுதினால் ஒரு நூல் பிசகாது. சண்டைக் காட்சியில் "ஏன் பன்மல்?" என்று சீறுவதற்கு நம்மிடம் "என்ன, ஒருமையில பேசுற?" தயாராக இருக்கிறது. அந்த நாயகன் அனுமதி கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. திகைப்புக்கு அதுதான் காரணம்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். முன்பு அவன் பேசும்போது "மழை வருது, பாருங்க". அன்றிரவு "மழை வருது, பாரு". கொரிய வரியில் "பார்" என்ற சொல் இல்லை. ஆனால் தமிழ்ப் பேச்சில் இந்தப் "பாரு" பார்க்கச் சொல்வதற்காக மட்டும் வருவதில்லை. கேட்பவரை வாக்கியத்துக்குள் நிறுத்துவதற்காகவும் வருகிறது. கொரிய விகுதி நின்ற அதே கடைசி இடத்தில் அதுவும் நிற்கிறது, எந்த வட்டாரத்தின் சாயலும் இல்லாமல்.

அடுத்த வரியையும் தவறவிடாதீர்கள். அவள் ஒரு நொடி தயங்கி, "நே, ஓனேயோ" என்று பதில் சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் "யோ" அப்படியே இருக்கிறது. "ஆமா, வருதுங்க" என்கிறாள். அவன் கீழே வைத்துவிட்டான், அவள் இன்னும் வைக்கவில்லை.