அர்த்தம் தெரிந்தும் வாக்கியம் ஏன் தவறுகிறது?

அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆங்கிலம் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். அவர்களுடைய மின்னஞ்சல்களில் நான் அதிகம் திருத்துவது அர்த்தம் நன்றாகத் தெரிந்த சொற்களைத்தான். அண்மையில் ஒரு மாணவர் இப்படி எழுதியிருந்தார்: "மை மேனேஜர் சஜெஸ்டட் மீ டு ஷிஃப்ட் த மீட்டிங்."

'சஜெஸ்ட்' என்ற சொல்லை அவர் ஆங்கிலம்–தமிழ் அகராதியில் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். 'யோசனை கூறு' என்று இருந்தது. அது சரிதான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வரும், ஆளைக் குறிக்கும் சொல்லை எங்கே வைப்பது என்று அதில் இல்லை. அதனால் தனக்குப் பழக்கமான 'டோல்ட் மீ டு' என்ற அமைப்பில் இதையும் பொருத்திவிட்டார். தமிழில் 'மாற்றச் சொன்னார்' என்றாலும் 'மாற்ற யோசனை கூறினார்' என்றாலும் வாக்கியம் ஒரே மாதிரி அமைவதால், இந்தப் பிழை நம் காதில் உறுத்துவதே இல்லை.

கற்பவர்களுக்கான ஆங்கிலம்–ஆங்கில அகராதி இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே உருவானது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி இரண்டு சக ஆசிரியர்களுடன் சேர்ந்து தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. எந்த வினை எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்று காட்டியதுதான் அதன் தனித்தன்மை. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழிவந்தது.

கற்பவர்களுக்கான 'லேர்னர்ஸ்' அகராதிதானா என்று பார்த்து வாங்குங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான அகராதி நமக்கு உதவாது. அதில் விளக்கமே கடினமாக இருக்கும். அமைப்பைப் பற்றிய குறிப்புகளும் குறைவு. கூகுளில் சொல்லைத் தேடினால் மேலே வரும் பெட்டியும் அந்த வகைதான். லேர்னர்ஸ் அகராதிகள் விளக்கத்துக்குச் சுமார் 2,000 முதல் 3,000 எளிய சொற்களையே பயன்படுத்துகின்றன. oxfordlearnersdictionaries.com, ldoceonline.com ஆகிய தளங்களில் இலவசமாகவே பார்க்கலாம்.

அந்த மாணவரை அங்கே 'சஜெஸ்ட்' பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். முதல் அர்த்தத்தைப் படித்ததும் மூடப் போனார். அதன் கீழே தடித்த எழுத்தில் இருந்த வரிகளைக் காட்டினேன். suggest something (to somebody), suggest doing something, suggest (that). இதில் something என்பது ஏதோ ஒரு பொருள் அல்லது விஷயம், somebody என்பது ஓர் ஆள். இப்போது அவருடைய வாக்கியத்தை இவற்றோடு ஒப்பிட்டால் பிழை தானாகத் தெரிகிறது. சொல்லுக்கு அடுத்ததாக somebody இந்த வரிகள் எதிலும் இல்லை. ஆள் வந்தால் 'டு' என்பதற்குப் பிறகுதான் வருகிறார்.

அடுத்தது எடுத்துக்காட்டு வாக்கியங்கள். பெரும்பாலோர் தாண்டிப்போகும் இடம் இது. எனக்கோ விளக்கத்தைவிட இதுதான் முக்கியம். "ஹி சஜெஸ்டட் ஷிஃப்டிங் த மீட்டிங்" என்ற அமைப்பில் யார் மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாக இல்லை. நான்தான் மாற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டுமானால் "ஹி சஜெஸ்டட் தட் ஐ ஷுட் ஷிஃப்ட் த மீட்டிங்" என்ற அமைப்புக்குப் போக வேண்டும். இந்த வேறுபாட்டை விளக்கம் சொல்லாது. இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளை அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

அதே பக்கத்தில் கீழே இன்னோர் அர்த்தமும் உண்டு: ஒன்று இன்னொன்றைக் காட்டுகிறது என்பது. "த ரிப்போர்ட் சஜெஸ்ட்ஸ் தட் சேல்ஸ் ஆர் ஃபாலிங்" என்பதில் யாரும் யோசனை கூறவில்லை. இங்கே 'ஷுட்' போட்டால் அர்த்தமே குலைந்துவிடும். அதனால் நமக்கு வேண்டிய அர்த்தம் எந்த எண்ணில் இருக்கிறது என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, அந்த எண்ணுக்குக் கீழே உள்ள அமைப்பை மட்டும் எடுக்க வேண்டும். முதல் எண்ணோடு நிறுத்துபவர்கள் சரியான அமைப்பைத் தவறான அர்த்தத்துக்குப் போட்டுவிடுகிறார்கள்.

பிறகு ஓர் எடுத்துக்காட்டை நோட்டில் எழுதி, அதில் ஆளையும் விஷயத்தையும் மட்டும் மாற்றி, உங்கள் வேலை சார்ந்த வாக்கியமாக ஆக்குங்கள். வினைக்குப் பின்னால் உள்ள அமைப்பைத் தொடாதீர்கள்.

பெயர்ச்சொல்லுக்கு ஒரே ஒரு குறிப்பைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. 'அட்வைஸ்' பக்கத்தில் uncountable என்று இருக்கும்; எண்ண முடியாத பெயர் என்று பொருள். 'அட்வைசஸ்' என்றும் 'ஆன் அட்வைஸ்' என்றும் எழுதக் கூடாது என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடுகிறது.

இருமொழி அகராதியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. மீன், மூலிகை, நோய், கருவிப் பெயர்களுக்கு ஆங்கில விளக்கம் நான்கு வரி ஓடினாலும் பொருள் கண்முன் வராது. தமிழ்ப்பெயர் ஒன்றே போதும். எளிய ஆங்கில வாக்கியங்களையே தடுமாறிப் படிப்பவருக்கும் அதுதான் சரி. லேர்னர்ஸ் அகராதியில் ஒரு விளக்கத்தைப் புரிந்துகொள்ள அதற்குள் இருக்கும் சொற்களையும் தேட வேண்டியிருந்தால், அதன் இடைநிலைப் பதிப்புக்கு இறங்கி வாருங்கள். தமிழ் அர்த்தம் பார்த்த பிறகு எழுதப் போவது ஒரு வினைச்சொல் என்றால் மட்டும், லேர்னர்ஸ் பக்கத்தையும் திறந்து அமைப்பு வரியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.