குவாலிஃபைடு ஆனால் டாக்டர் ஆகிவிடலாம் என்று யார் சொன்னது?

மருத்துவக் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுவதுதான் என் வேலை. ஒவ்வொரு வருடமும் நீட் முடிவு வந்த மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "சார், பையன் குவாலிஃபைடு. எந்த காலேஜ் போடலாம்?" இந்த ஆண்டும் அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பொதுப்பிரிவுக்கு 50 பெர்சென்டைல் வேண்டும் என்றால் 50 மார்க் என்றோ 50 சதவீதம் என்றோ அர்த்தமில்லை. எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே நின்றால் போதும், அவ்வளவுதான். பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40. 2025-இல் பொதுப்பிரிவுக்கான அந்த எல்லை 720-க்கு 144 மார்க். அதாவது 180 கேள்விகளில் 36-க்குச் சரியாக விடையளித்துவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டிருந்தாலே தேறிவிடலாம். அந்த ஆண்டு எழுதியவர்கள் சுமார் 22 லட்சம், தேறியவர்கள் 12 லட்சத்துக்கு மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒன்றேகால் லட்சம் அளவுக்குத்தான். தேறியவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் இடம் என்கிறபோது, அந்த ஒருவரைப் பரீட்சை முடிவு செய்கிறதா, பணம் முடிவு செய்கிறதா?

"நீட் வந்தபின் தகுதிக்குத்தான் சீட், பணத்துக்கு இல்லை" என்று என் எதிரில் உட்கார்ந்து அடித்துச் சொல்பவர்களுக்கு 2024-இல் நான் பார்த்த இரண்டு விண்ணப்பங்களைச் சொல்கிறேன். பி.சி. பிரிவுப் பெண் ஒருத்தி, மார்க் 530. அவளுக்கு அரசுக் கல்லூரி எட்டவில்லை, தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீடும் எட்டவில்லை. அதே வாரம் வந்த பையனின் மார்க் 230. அவன் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டான். இருவருக்கும் இடையில் பல லட்சம் பேர் தரவரிசையில் நிற்கிறார்கள். அவன் அந்த லட்சங்களைத் தாண்டி ஒரு விதியையும் மீறிப் போகவில்லை. தாண்டப்பட்டவர்கள் பெரும்பாலும் அந்தக் கல்லூரியைத் தேர்வுப் பட்டியலில் போடவே இல்லை. எப்படிப் போடுவார்கள்? பல நிகர்நிலைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. கட்டணத்தை விடுங்கள், அகில இந்தியக் கலந்தாய்வில் நிகர்நிலைக்கு விருப்பம் பதிவு செய்யவே 2 லட்சம் ரூபாய் முன்வைப்பாகக் கட்ட வேண்டும். இரண்டாம் சுற்றிலோ அதற்குப் பிறகோ ஒதுக்கிய இடத்தில் சேராமல் விட்டால் அந்தப் பணம் கைவிட்டுப் போகும். கூலி வேலை பார்க்கும் அப்பா அதைப் பந்தயம் கட்டுவாரா? அதனால் மேலே இருப்பவர்கள் ஒதுங்க ஒதுங்க இடம் கீழே இறங்கி, பணம் உள்ளவரிடம் போய் நிற்கிறது.

இதே ஆட்கள் இட ஒதுக்கீட்டைப் பார்த்து மட்டும் "தகுதி போச்சு" என்பார்கள். 230-ஐப் பார்த்து வாய் திறக்க மாட்டார்கள். (இந்த வாதத்தைக் கேட்டு எனக்கு வயசானதுதான் மிச்சம்.)

மார்க் மட்டும் சும்மா வருகிறதா? நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கைப்படி, 2020-21-இல் தமிழ்நாட்டில் சேர்ந்தவர்களில் 71 சதவீதம் பேர் முன்பே ஒருமுறையாவது எழுதியவர்கள். அடுத்த முறைக்கு ஒரு வருடம் கோச்சிங்கில் உட்கார வேண்டும், அந்த வருடம் வீட்டுக்கு வருமானமும் இல்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்தான். ஆனால் எத்தனை முறை எழுத முடியும் என்பதை வீட்டு நிலைமைதான் சொல்கிறது.

இதைச் சரிக்கட்டத்தான் தமிழ்நாடு அரசு 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டு வந்தது. முதல் ஆண்டே மருத்துவமும் பல் மருத்துவமும் சேர்த்து 405 இடங்கள். அவர்கள் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

இதில் பெற்றோர் செய்யும் ஒரு காரியம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆறு முதல் பத்து வரை அரசுப் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு, "பதினொன்றாவது கொஞ்சம் நல்ல ஸ்கூல்ல" என்று தனியாருக்கு மாற்றுகிறார்கள். போச்சு! ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் அந்த ஒதுக்கீடு. அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றினாலும் அதே கதிதான், பலர் அதையும் அரசுப் பள்ளி என்றே நினைக்கிறார்கள். தயவுசெய்து டி.சி. வாங்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

அப்புறம், மதிப்பெண் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருபவர்களே, அதில் 'குவாலிஃபைடு' என்ற இடத்தைப் பார்க்காதீர்கள், ரேங்க்கைப் பாருங்கள். போன வருடம் உங்கள் பிரிவில் எந்த மார்க்கோடு எந்தக் கல்லூரி நின்றது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். "குவாலிஃபைடு தானே, நான் வாங்கித் தருகிறேன்" என்று வரும் புரோக்கருக்கு அஞ்சு பைசா கொடுக்காதீர்கள். கலந்தாய்வுக்கு வெளியே கொடுப்பதற்கு அவரிடம் எம்.பி.பி.எஸ். இடம் எதுவும் கிடையாது. நிகர்நிலையா என்று யோசிப்பவர்கள் முதல் வருடக் கட்டணத்தோடு நிறுத்தாமல் கடைசி வருடம் வரைக்கும் விடுதியும் சேர்த்துக் கூட்டிவிட்டு, அதற்குப் பிறகு நிலத்தை விற்பதைப் பற்றிப் பேசுங்கள்.